உண்மையான செய்தியையும் பொய் என்கிறார்கள், என்ன பயிற்சி கொடுக்கலாம்?

வணக்கம். திண்டுக்கல் பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு எடுக்கிறேன். வாட்ஸ்அப்பில் பரவும் செய்தியை நம்பலாமா என்று பார்க்கும் பாடத்தில் ஒரு சிக்கல். பிள்ளைகள் இப்போது எதைக் காட்டினாலும் பொய் என்கிறார்கள்.

"நம் தேசிய கீதம்தான் உலகிலேயே சிறந்தது என யுனெஸ்கோ அறிவித்தது" என்ற செய்தியில் நன்றாகத்தான் போனது. செய்தியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்காமல் வெளியே போய்த் தேடினார்கள். யுனெஸ்கோ அதை மறுத்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அடுத்து, 2023இல் பலர் போனிலும் அலறலோடு வந்த பேரிடர் எச்சரிக்கைச் சோதனைச் செய்தியைக் காட்டினேன். அது மத்தியத் தொலைத்தொடர்புத் துறை அனுப்பியது. அனுப்பியவர் எண் இல்லை, பயமுறுத்துகிறது, அதனால் பொய் என்றார்கள். அரசு அறிவிப்பைத் திறந்து காட்டியும், "அதையும் யாராவது செஞ்சிருப்பாங்க மிஸ்" என்றான் ஒருவன். நாளைக்கு நிஜப் புயல் எச்சரிக்கையையும் இப்படித் தள்ளிவிடுவார்களே என்று கவலையாக இருக்கிறது.

உண்மையும் பொய்யும் சரிபாதி கலந்து கொடுத்தேன். "தெரியவில்லை" என்ற விடையையும் சேர்த்துப் பார்த்தேன். பலன் இல்லை. வகுப்பில் என் போன் ஒன்றுதான், நேரம் 40 நிமிடம்.

ஒரு செய்தி உண்மைதான் என்று பிள்ளைகளே ஆதாரத்தோடு முடிவுக்கு வரும்படி, உங்கள் வகுப்பில் கைகொடுத்த பயிற்சி எது?