தரமிறங்கும் விலை: 44 சரியா, 16 சரியா?

ஹட்டன்காரன்: பிரிமியர் லீக்கின் 380 போட்டிகளையும் 10,000 தடவை கணினியில் ஓட்டினேன். நடுத்தர அணி ஒன்று தரமிறங்கும் வாய்ப்பு 2.3 சதவீதம் வருகிறது, அதாவது பந்தய விலை 44. பந்தயச் சந்தையில் 16தான். யார் பிழை?

நுவரெலியா_9: தம்பி, 10,000 போதாது, ஒரு இலட்சம் ஓட்டுங்கள். அந்த அணி 36 புள்ளிக்குக் கீழே போகிறதா என்று மட்டும் எண்ணினால் போதும்.

பதுளை அக்கா: ஓட்டத்தைக் கூட்டினால் தசமம்தான் தெளியும். 10,000 ஓட்டத்திலேயே தடுமாற்றம் சுமார் 0.15 சதவீதப் புள்ளிதான். தம்பி, அணியின் பலத்துக்கு ஒரே எண்ணைத்தானே எல்லா ஓட்டத்திலும் கொடுத்தீர்கள்? அப்படியானால் போட்டி அதிர்ஷ்டம் மட்டும்தான் மாறுகிறது. 38 போட்டியில் அதன் நியம விலகல் ஏறத்தாழ 8 புள்ளி. சராசரி 52 என்றால் 36 இரண்டு விலகல் தள்ளி நிற்கிறது, அதுதான் உங்கள் 2.3.

ஆனால் ஆகஸ்ட் மாதத்தில் உண்மையான பலம் யாருக்குத் தெரியும்? அந்தத் தெரியாமைக்கு 6 புள்ளி வையுங்கள். 8இன் வர்க்கம் 64உம் 6இன் வர்க்கம் 36உம் சேர்ந்து 100, அதன் வர்க்கமூலமான 10தான் மொத்த விலகல். அதே எல்லை இப்போது 1.6 விலகல்தான். வாய்ப்பு 5.5 சதவீதம், விலை 18. மிச்ச வித்தியாசத்தைப் பந்தயக்காரரின் இலாபத்திலேயே சொல்லிவிடலாம்.

```
for s in range(10000):
    r = rng.normal(mean, sd)
    table = play_season(r)
```

பலத்தைப் பருவத்துக்கு ஒரு தடவைதான் குலுக்க வேண்டும். போட்டிக்குப் போட்டி குலுக்கினால் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அடித்துவிடும், பழையபடி 8க்கே வந்துவிடுவீர்கள்.

நுவரெலியா_9: சரி, ஆனால் 36 என்ற எல்லையில் என்ன தவறு? நீங்களும் அதைத்தானே எடுத்தீர்கள்.

பதுளை அக்கா: கையால் போட்டுக் காட்டத்தான் எடுத்தேன். 2002-03இல் வெஸ்ட் ஹாம் 42 புள்ளியோடு இறங்கியது. 2023-24இல் நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட் 4 புள்ளி வெட்டப்பட்டும் 32இல் தப்பியது. ஒவ்வொரு ஓட்டத்திலும் அட்டவணையை அடுக்கிக் கடைசி மூவரை எண்ணுங்கள். அப்போதுதான் 20 அணிகளின் தரமிறங்கும் வாய்ப்புகள் சேர்ந்து சரியாக 3 வரும். முதல் நான்குக்கு 4, கிண்ணத்துக்கு 1. நிலையான எல்லை வைத்தால் அந்த 3 வராது, பிழை அங்கேயே தெரிந்துவிடும்.

தோட்டத்து கோல்கீப்பர்: எங்கள் தோட்டத்து லீக்கில் 6 அணி, ஆளுக்கு 10 போட்டி. போன வருடம் கடைசியில் வந்த நாங்கள் இந்த வருடம் முதலாவது. எங்களுக்கும் இந்தக் கணக்குச் சரிவருமா?

பதுளை அக்கா: முறை சரிவரும், தம்பி. ஆனால் 10 போட்டியில் அதிர்ஷ்டத்தின் பங்கு மிகப் பெரியது. முதலாவதாக வந்ததை வைத்துப் பலத்தை அதிகம் உயர்த்திவிடாதீர்கள்.

ஹட்டன்காரன்: அக்கா, பலம் தெரியாமைக்கு வைத்த அந்த 6 புள்ளி எங்கிருந்து வந்தது? 9 வைத்துப் பார்த்தேன், சின்ன அணிகளுக்கெல்லாம் கிண்ண வாய்ப்பு ஏறுகிறது.

பதுளை அக்கா: பழைய பருவங்களுக்கு, அந்தந்த ஆகஸ்டில் தெரிந்ததை மட்டும் வைத்து ஓட்டுங்கள். 80 சதவீத அணிகளின் புள்ளி இதற்குள் வரும் என்று நீங்கள் சொன்ன வீச்சுக்குள் 65 சதவீத அணிகள்தான் விழுந்தால் விலகல் போதவில்லை, 90 விழுந்தால் கூடிவிட்டது.

நுவரெலியா_9: எல்லா அணிக்கும் ஒரே விலகலா? புதிதாக மேலேறி வரும் மூன்று அணிகளைப் பற்றி நமக்கு இன்னும் குறைவாகத்தானே தெரியும்?

பதுளை அக்கா: அது நியாயமான கேள்வி, அண்ணே. அவற்றுக்குக் கூடுதலாகத்தான் வைக்கிறேன். ஆனால் வருடத்துக்கு மூன்று அணிதான் கிடைப்பதால் எவ்வளவு என்பதில் எனக்கே திருப்தியில்லை.