பழக ஆரம்பித்த புதிதில் வரும் "மிஸ் பண்றேன்": உங்கள் அனுபவம்?

நிலாமுற்றம்: பழக ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான். பிடித்திருந்தது, இரண்டு பேருமே இன்னும் சொல்லிக்கொள்ளவில்லை. வேலையாக வெளியூர் போனவர் மறுநாள் இரவே எழுதினார்: "நீ இல்லாம எதுவுமே ஓடல. மூச்சு முட்டுது. உனக்கும் அப்படித்தானே இருக்கு?" அதுவரை 'நீங்க' என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். அந்தக் கடைசிக் கேள்வியில் என் விரல் நின்றுவிட்டது. ஆமாம் என்றால் பொய், இல்லை என்றால் அவர் மனசு நோகும். ஒரு ஸ்மைலியை அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். எனக்கும் அவர் நினைப்பு வந்தது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. அவர் திரும்பி வந்த பிறகும் பழைய மாதிரி பேச்சு வரவில்லை.

தனிவழி: இதற்குத்தான் முதலில் சொல்லவே கூடாது என்பேன். அவர்கள் எவ்வளவு சொல்கிறார்களோ, அவ்வளவே திருப்பிச் சொல்லுங்கள். எனக்கு இதுவரை சங்கடமே வந்ததில்லை.

கடல்காற்று: தனிவழி, அளவு பார்ப்பது சரி. ஆனால் இரண்டு பேருமே காத்திருந்தால் யார்தான் தொடங்குவது? எதிரில் இருப்பவர் இதுவரை சொன்னதைவிட ஒரு படி கூடுதலாகச் சொல்லலாம், அதோடு நிறுத்த வேண்டும். எனக்கு ஒருத்தி இப்படி எழுதினாள்: "மீட்டிங்ல ஒருத்தர் நீங்க சொன்ன அதே கதையைச் சொன்னார். நீங்களும் இருந்திருக்கலாம்னு தோணுச்சு." ஒரே ஒரு சம்பவம், கடைசியில் கேள்வி கிடையாது. சிரித்துவிட்டு விடலாம், பதிலும் எழுதலாம், இரண்டுமே என் இஷ்டம். நானும் எனக்கு ஞாபகம் வந்த ஒன்றை எழுதினேன், பேச்சு தானாக வளர்ந்தது. பதிலில் அவர்கள் பக்கத்து நினைவு ஒன்று வந்தால் அடுத்த முறை கொஞ்சம் கூடுதலாகச் சொல்லலாம். தொடர்ந்து வெறும் ஸ்மைலியோ நன்றியோ மட்டும் வந்தால் கொஞ்ச நாள் சாதாரணமாகப் பேசுவது நல்லது. நிலாமுற்றம், உங்களவர் கேள்வியில் பிரிவைவிடப் பயம்தான் அதிகம் தெரிகிறது. தன்னைப் பிடித்திருக்கிறதா என்று உறுதியாகத் தெரியாத பயம்.

மண்வாசம்: உங்களுக்கெல்லாம் அதிகமாகிவிட்டது, எனக்கோ குறைச்சல். கல்யாணமாகிப் பல வருஷம், அவருக்கு வெளியூரில் வேலை. தினமும் போனில் "சாப்பிட்டியா, பசங்க தூங்கியாச்சா", அவ்வளவுதான். ஒரு ராத்திரி போனை வைக்கப் போகும்போது, "நீ திட்டாம இங்க தூக்கமே வரல" என்றார். அப்புறம் வெகுநேரம் இரண்டு பேருமே போனை வைக்கவில்லை. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் மூச்சு முட்டுது என்றாலும் நான் சந்தோஷமாகக் கேட்பேன்.

நிலாமுற்றம்: கடல்காற்று, அவர் ஒரேயடியாகப் பத்துப் படி ஏறிவிட்டார். நான் என்ன பதில் எழுதியிருக்கலாம்?

கடல்காற்று: "நேத்து உங்க ஞாபகம் வந்துச்சு, அந்த சண்டைக்காரப் பூனையை மறுபடி பார்த்தேன். வந்ததும் பார்க்கலாம்." இப்படி உங்களுக்கு உண்மையில் இருந்த அளவை மட்டும் எழுதியிருக்கலாம். அதற்கும் "அவ்வளவுதானா?" என்று கேட்டிருந்தால், அப்புறம் நேரில் பேசுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

தனிவழி: கேட்டிருப்பார். அதனால்தான் நான் முதலில் எழுதுவதே இல்லை.