‘அடுத்த வெள்ளி’ என்றால் எந்த வெள்ளி? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வானம்பாடி:
திங்கட்கிழமை, 3ஆம் தேதி. நண்பர்கள் குழுவில் ஒருவர் “அடுத்த வெள்ளி சந்திப்போம்” என்று போட்டார். எல்லோரும் சரி என்றார்கள். 7ஆம் தேதி இரண்டு பேர் மட்டும் வந்து காத்திருந்து திரும்பினார்கள். மற்றவர்கள் 14 என்று நினைத்திருந்தார்கள். இது தெரிவதற்குள் மனஸ்தாபம் வந்துவிட்டது. உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

கடலோடி:
இதில் என்ன குழப்பம்? ‘வர்ற வெள்ளி’ என்றால் 7, ‘அடுத்த வெள்ளி’ என்றால் 14. ஆங்கிலத்தில்தான் இந்தத் தகராறு. தமிழில் தெளிவாகவே இருக்கிறது.

நிழல்:
‘வர்ற வெள்ளி’ பற்றிச் சொன்னது சரி. ஆனால் பேருந்தில் ‘அடுத்த ஸ்டாப்’ என்றால் இதோ வரப்போகும் நிறுத்தம்தானே? அப்படி எண்ணுகிறவருக்கு அடுத்த வெள்ளி 7ஆம் தேதி. ‘அடுத்த வாரத்து வெள்ளி’ என்று எண்ணுகிறவருக்கு 14.

மொழிபெயர்ப்பு வேலையில் இதைத் தினமும் பார்க்கிறேன். ஜெர்மன்காரர்களுக்குள்ளும் இதே சண்டை உண்டு. ஒரு வாரம் தள்ளித்தான் என்று உறுதியாகச் சொல்ல அவர்கள் ‘எட்டு நாளில் வெள்ளி’ என்பார்கள். பிரெஞ்சிலும் அதே எட்டுக் கணக்குதான். பிரிட்டனில் ‘ஃப்ரைடே வீக்’ என்பார்கள். நமக்கு ‘இந்த வெள்ளி இல்லை, அதற்கடுத்த வெள்ளி’ இருக்கிறது. நீளம்தான், ஆனால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள முடியாது.

சொல்லும் கிழமையும் முக்கியம். 8ஆம் தேதி சனிக்கிழமை ‘அடுத்த வெள்ளி’ என்றால் இரண்டு கணக்கும் 14இல் வந்து சேரும். மறுநாள் ஞாயிறன்று மறுபடி சிக்கல்: வாரம் திங்களில் தொடங்குகிறது என்பவருக்கு அப்போதும் 14தான், ஞாயிறே வாரத்தின் முதல் நாள் என்பவருக்கு 14 ‘இந்த’ வார வெள்ளி, அடுத்தது 21.

மின்மினி:
என் போன் நாட்காட்டி ஞாயிற்றில்தான் தொடங்குகிறது. திங்களுக்கு மாற்ற முடியுமா?

நிழல்:
பெரும்பாலும் நாட்காட்டியின் அமைப்புகளிலேயே இருக்கும், பாருங்கள். ஆனால் உங்கள் நாட்காட்டியை மாற்றினால் எதிரில் இருப்பவர் எண்ணும் விதம் மாறாது.

தூறல்:
எனக்கு வெள்ளியைவிட ‘வாரக் கடைசி’தான் தலைவலி. சவூதியில் இருக்கும் குழுவோடு வேலை. அவர்களுக்கு வெள்ளி, சனி விடுமுறை. “வாரக் கடைசிக்குள் அனுப்புங்கள்” என்று அவர்கள் சொன்னது வியாழன் மாலையை. எங்கள் ஆட்கள் வெள்ளி மாலை அனுப்பினார்கள். ஞாயிறு காலைதான் அங்கே யாரோ திறந்து பார்த்தார்கள். அமீரகம் 2022 ஜனவரியில் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது, அதனால் பக்கத்து நாட்டுக் கணக்கும் உதவாது. நமக்குள்ளேயே ஒருவருக்கு வாரக் கடைசி என்றால் வேலை முடியும் வெள்ளி, இன்னொருவருக்கு லீவு நாள். இப்போது கிழமை, தேதி இரண்டையும் எழுதாத தகவலுக்கு நான் ‘சரி’ போடுவதே இல்லை. இரண்டும் பொருந்தாவிட்டால் உடனே கண்ணில் படும்.

கடலோடி:
நிழல் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக் கணக்கை வீட்டில் கேட்டேன். மனைவிக்கு 14, எனக்கு 21. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.