எண்ட் கிரெடிட்டில் யார் பெயர் எங்கே? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

படத்தொகுப்பாளர்: 43 பேர் சம்பளம் வாங்காமல் ஒன்பது மாதம் உழைத்து ஆறு நிமிட அனிமேஷன் படம் முடித்தோம். மனக்கசப்பு வந்தது கடைசி ஒரு நிமிடத்தில்தான். உழைத்த மணிக்கணக்குப்படி பெயர்களை அடுக்கியிருந்தேன். கணக்கை ஒழுங்காக எழுதிவைத்தவர்கள் மேலே போய்விட்டார்கள். எட்டுப் பின்னணி ஓவியங்களை வரைந்துவிட்டு எதையும் குறித்துவைக்காதவர், கடைசியில் 'நன்றி' பகுதியில் கிடந்தார். மறுநாளே குழுவிலிருந்து விலகிவிட்டார். அப்புறம் துறைவாரியாகப் பிரித்து, துறைக்குள் அகர வரிசை, எல்லோருக்கும் ஒரே எழுத்தளவு என்று மாற்றினேன். அவரிடம் மன்னிப்பும் கேட்டேன். நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

ஒலி சேர்ப்பவர்: கிரியேட்டிவ் காமன்ஸில் எடுத்த மழைச் சத்தம், கதவுச் சத்தம் எல்லாவற்றுக்கும் திரையில் பெயர் போட்டே ஆக வேண்டும். அதை முதலில் பாருங்கள்.

நிரல் எழுதுபவர்: எல்லாவற்றுக்கும் இல்லை. CC0 என்றால் கட்டாயமில்லை. CC BY என்றால் ஆக்கியவர் பெயர், உரிமம், இணைப்பு, மாற்றியிருந்தால் அந்தக் குறிப்பு எல்லாம் வேண்டும். திரையில்தான் என்றில்லை, வீடியோவின் விவரப் பகுதியிலும் தரலாம். அகர வரிசையில் எனக்கு வேறு சிக்கல் வந்தது. நிரல் யூனிகோட் எண்படி அடுக்கியதால், 'ஜ' பெயர்கள் 'ச'வுக்கு அடுத்தும் 'ஸ', 'ஹ' பெயர்கள் கடைசியிலும் நின்றன. நம் அகராதி முறையில் கிரந்த எழுத்துகள் எல்லாமே கடைசியில்தானே? கையால் திருத்தினேன். இனிஷியலை முன்னால் எழுதியவர்கள் இனிஷியல்படி போய்விட்டார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிதி திரட்டியவர்: 2006-இல் வந்த 'எலிஃபன்ட்ஸ் ட்ரீம்' படத்தில், டிவிடிக்கு முன்பதிவு செய்தவர்கள் பெயரையும் கிரெடிட்டில் போட்டார்கள். நாங்களும் அப்படித்தான், தொகை அதிகம் கொடுத்தவருக்கு மேல் வரிசை.

படத்தொகுப்பாளர்: நான் கேட்டது வேலை செய்தவர்களைப் பற்றி. பணம் தந்தவர்களை உழைத்தவர்களுக்குக் கீழே தனிப் பகுதியாக வைப்பேன்.

நிரல் எழுதுபவர்: நீளத்தையும் முன்பே கணக்கிடுங்கள். 43 பெயர், வரிக்கு 60 பிக்சல், எட்டுத் தலைப்புக்குத் தலா 120 என்றால் 3540. திரை உயரம் 1080 சேர்த்தால் 4620. நொடிக்கு 24 ஃபிரேம், ஃபிரேமுக்கு 3 பிக்சல் நகர்த்தினால் 64 நொடி. ஒரு நிமிடத்துக்குள் அடக்க வேண்டுமென்று 3.3 பிக்சல் வைத்தேன், எழுத்து நடுங்கியது. முழு எண்ணே வையுங்கள்.

புதிதாகச் சேர்ந்த அனிமேட்டர்: நான் செய்த இரண்டு ஷாட்டும் எடிட்டிங்கில் போய்விட்டன. என் பெயர் வருமா?

படத்தொகுப்பாளர்: என் படத்தில் வரும், அனிமேஷன் பகுதியிலேயே. மூன்று வாரம் வேலை செய்திருக்கிறீர்களே.

ஒலி சேர்ப்பவர்: எனக்கு உடன்பாடில்லை. படத்தில் இல்லாத ஷாட்டுக்கு அனிமேட்டர் என்று போட்டால், இருக்கும் ஷாட்டைச் செய்தவருக்கு என்ன வித்தியாசம்? 'கூடுதல் அனிமேஷன்' என்று தனித் தலைப்பில் போடலாம்.

புதிதாகச் சேர்ந்த அனிமேட்டர்: அந்தத் தலைப்பில் நான் ஒருத்திதான் இருப்பேன்.