புதுப்பிப்பு: பதிவுத் தளத்தின் பட்டியலைப் பிரித்துவிட்டோம்

முன்பு நான் கேட்டது: "பயிற்சி வகுப்புக்கான பதிவுத் தளம். திறக்கும் தேதி மாறாது. பட்டியலில் எல்லாமே 'கட்டாயம்' என்று நிற்கிறது. எதைத் தள்ளுவது?"

அனுபவமுள்ள ஒருவர் கேட்ட கேள்விதான் கைகொடுத்தது: "இது இல்லாவிட்டால் தளத்தைத் திறக்கவே மாட்டீர்களா, இல்லை கொஞ்ச நாள் கையாலேயே சமாளிக்கலாமா?" அப்படிப் பார்த்ததும் 'பணம் திருப்பும் பட்டன்' 'பிறகு' பட்டியலுக்குப் போனது. பேமென்ட் கேட்வேயின் டாஷ்போர்டிலிருந்தே திருப்பி அனுப்பலாமே. பயனர் கணக்கும் போனது. பெயரும் மின்னஞ்சலும் போதும் என்றானதும், கடவுச்சொல் மீட்பு வேலையும் கூடவே கழன்றது.

"கண்ணுக்குத் தெரியாதது எல்லாம் பிறகு" என்றார் இன்னொருவர். அறிக்கைகளுக்குச் சரி. ஆனால் பணம் வந்ததைக் கேட்வே நேராகத் தளத்துக்குச் சொல்லும் வெப்ஹுக்குக்குப் பொருந்தாது. சோதனையில் பணம் கட்டியவுடன் பிரவுசரை மூடினோம். பணம் போயிருந்தது, இடம் பதிவாகவில்லை. அதனால் அது கட்டாயத்துக்கு ஏறியது.

கட்டாய வேலைகள் மொத்த உழைப்பில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற அளவும் உதவியது. நாங்கள் தாண்டியிருந்தோம். அதனால் காத்திருப்போர் பட்டியலை 'முடிந்தால்' பகுதிக்கு இறக்கினோம். இடம் நிரம்பினால் ஒரு மின்னஞ்சல் முகவரியைக் காட்டினால் இப்போதைக்குப் போதும்.

தள்ளுபடி கூப்பன்தான் இன்னும் இழுபறி. நடத்துபவர்கள் கட்டாயம் என்கிறார்கள். குறைந்த கட்டணத்தில் தனிப் பதிவு இணைப்பு ஒன்று கொடுத்தாலே போதும் என்பது என் கருத்து. அந்த இணைப்பு வெளியே பரவிவிடும் என்று அவர்கள் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது.