போனஸை மார்ச்சில பாதி, ஏப்ரல்ல பாதியா தரச்சொல்லிக் கேக்கலாமோ? அவசரம்

திருநெல்வேலிப் பெடியன் | 2026 மார்ச் 10, இரவு 10.42

நான் யாழ்ப்பாணத்தில வேலை செய்யிற கம்பனியில இந்தமுறை பெரிய போனஸ் ஒண்டு தரப்போகினம். ஒரேயடியா எடுத்தா வரி நல்லா வெட்டுப்படும் எண்டு பக்கத்து மேசை அண்ணை சொல்றார். பாதியை இந்த நிதியாண்டிலயும் மிச்சத்தை அடுத்ததிலயும் தரச்சொல்லிக் கேட்டா வரி குறையுமோ? சட்டப்படி பிழை ஒண்டும் வராதோ? எச்.ஆர். அக்காவுக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்ல வேணும். தெரிஞ்ச ஆக்கள் கெதியா சொல்லுங்கோ.

சுன்னாகத்தான் | இரவு 10.58

கட்டாயம் பிரியுங்கோ தம்பி. 36 வீத அடுக்குக்குள்ள கால் வைச்சா முழுக்காசுக்கும் 36 வீதம் வெட்டுவாங்கள். என்ர மச்சானுக்கு அப்பிடித்தான் போனது.

அரியாலை அக்கா | இரவு 11.05

தம்பி, எவ்வளவு போனஸ்? மாசச் சம்பளம் எவ்வளவு? எந்தத் திகதியில போடீனம்? ஒண்டும் சொல்லாமல் கேட்டா ஆர் என்னெண்டு சொல்லுறது?

லண்டன் வாழ் வல்வெட்டியான் | இரவு 11.31

இஞ்சயும் இதே பிரச்சினைதான். வருமானம் ஒரு இலட்சம் பவுண்ஸைத் தாண்டினா, கூட வாற ஒவ்வொரு 2 பவுண்ஸுக்கும் வரிவிலக்கில ஒரு பவுண் குறையும். 1,25,140இல விலக்கு முழுக்க இல்லாமல் போயிடும். நான் போனஸை நேரா பென்சனுக்குள்ள போடச் சொல்லிட்டன். உங்கட எச்.ஆரிட்டயும் அப்பிடிக் கேளுங்கோ. வரியே வராது.

கணக்கர் கொக்குவில் | மார்ச் 11, காலை 6.20

வல்வெட்டியான், அது பிரித்தானியச் சட்டம். இலங்கையில போனஸை விரும்பின மாதிரி ஓய்வூதியத்துக்குத் திருப்பி வரியைத் தள்ளுற அப்பிடி ஒரு வழி தனியார் கம்பனி ஆக்களுக்கு இல்லை. கேட்டவர் யாழ்ப்பாணத்தில நிக்கிறார்.

சுன்னாகத்தான், அடுக்கு வரி அப்பிடி வேலை செய்யாது. அடுக்குக்கு மேல போற பகுதிக்கு மட்டும்தான் அந்த வீதம். இதை இந்தப் பக்கத்தில எத்தினையோ தரம் எழுதியாச்சு. பழைய இழைகளை ஒருக்கா வாசிச்சுப்போட்டு வந்து எழுதினா நல்லது.

கேட்டவருக்கு: எங்கட மதிப்பீட்டு ஆண்டு மார்ச் 31இல முடியும். அரியாலை அக்கா கேட்ட மூண்டையும் சொல்லுங்கோ. அதோட, போனஸ் கடிதம் கைக்கு வந்திட்டுதோ, இல்லாட்டி வாயாலதான் சொல்லியிருக்கினமோ? பதில் முழுக்க அதிலதான் இருக்கு.

திருநெல்வேலிப் பெடியன் | காலை 8.15

சம்பளம் 2 இலட்சம், போனஸ் 20 இலட்சம். மார்ச் 25 சம்பளத்தோட போடுறதாச் சொல்லீனம். கடிதம் இன்னும் வரேல்லை, முகாமையாளர் வாயாலதான் சொன்னவர். வேற வருமானம் ஒண்டும் இல்லை.

கணக்கர் கொக்குவில் | காலை 9.02

நல்லது, இனிக் கணக்குப் பாக்கலாம். வருஷத்துக்கு 18 இலட்சம் விலக்கு. அதுக்கு மேல முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். பிறகு ஐஞ்சு ஐஞ்சு இலட்சமா 18, 24, 30. மிச்சம் முழுக்க 36.

உங்கட சம்பளம் வருஷத்துக்கு 24 இலட்சம். போனஸ் இல்லையெண்டா வரி 36,000 மட்டும். 20 இலட்சமும் மார்ச்சில வந்தா மொத்தம் 44 இலட்சம், வரி 4,56,000. அதாவது போனஸுக்கு மட்டும் 4,20,000 போகுது.

10 இலட்சம் மார்ச்சிலயும் 10 இலட்சம் ஏப்ரல்லயும் வந்தா, ஒவ்வொரு வருஷமும் மொத்தம் 34 இலட்சம், வரி 1,74,000. ரெண்டு வருஷத்திலயும் போனஸுக்குப் போறது 2,76,000. மிச்சம் 1,44,000 ரூபா. அடுத்த வருஷமும் வீதங்கள் இதேதான், சம்பளமும் இதேதான் எண்டு வைச்சுப் போட்ட கணக்கு இது.

காத்திருக்க வேண்டியதும் சில கிழமைதான். சித்திரைப் புத்தாண்டுக்கு எப்பிடியும் கம்பனிகள் ஒரு கொடுப்பனவு போடுறவை, ஏப்ரல்ல குடுக்கிறது அவைக்கும் புதுசில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் மானிப்பாய் | காலை 10.40

எனக்கு இது சரியாப் படேல்லை. உழைச்சது இந்த வருஷம், வரி கட்டவேண்டியதும் இந்த வருஷம். திகதியை மாத்திக் காசு மிச்சம் பிடிச்சா அது வரி ஏய்ப்புத்தானே? ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போற காசு இது.

லண்டன் வாழ் வல்வெட்டியான் | காலை 11.15

ஐயா, அரசாங்கம் எங்கட காசை என்ன செய்தது எண்டு எல்லாருக்கும் தெரியும். 2022இல பெற்றோலுக்கு வரிசையில நிண்ட சனத்திட்டக் கேளுங்கோ.

ஓய்வுபெற்ற ஆசிரியர் மானிப்பாய் | காலை 11.30

வரிசையில நிண்டது நாங்கள். நீங்கள் லண்டனில இருந்தனீங்கள். அந்த நிலமை வந்ததுக்கு 2019இல வரியை வெட்டினதும் ஒரு காரணம் எண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கோ.

அரியாலை அக்கா | மதியம் 12.05

ரெண்டு பேரும் வேற இழை திறந்து கதையுங்கோ. தம்பிக்கு வெள்ளிக்கிழமை பதில் குடுக்க வேணும்.

கணக்கர் கொக்குவில் | மதியம் 12.50

ஆசிரியர் ஐயாவின்ர கேள்வி நியாயமான கேள்வி, அதுக்குப் பதில் சட்டத்திலயே இருக்கு. கம்பனிக்காரர் கணக்கு எழுதுறது செலவு ஏற்பட்ட திகதியில. வேலை செய்யிற ஆள் வரி கட்டுறது காசு கைக்கு வந்த திகதியில. எந்த வருஷம் உழைச்சது எண்டது இதில வராது. ஏப்ரல்ல வந்த காசு புது வருஷத்தின்ர வருமானம்தான்.

ஆனா கைக்கு வாறது எண்டா வங்கிக் கணக்கில விழுறது மட்டும் இல்லை. உங்களுக்காக எடுத்து வைச்சு, நீங்கள் கேட்ட நேரம் எடுக்கலாம் எண்ட நிலையில இருந்தாலும் வந்த மாதிரித்தான். மார்ச் 25இல 20 இலட்சம் தாறம் எண்டு கடிதம் தந்து, கம்பனி குடுக்கவும் தயாரா நிக்கேக்க, நீங்கள் "பாதியை வைச்சிருங்கோ, ஏப்ரல்ல எடுக்கிறன்" எண்டு சொன்னா, அந்தப் பாதியும் இந்த வருஷத்துக் கணக்குத்தான் எண்டு உள்நாட்டு இறைவரித் திணைக்களம் சொல்ல இடம் இருக்கு.

அதாலதான் கடிதம் வந்திட்டுதோ எண்டு கேட்டனான். கடிதம் எழுதமுதலே கதையுங்கோ. முதல் 10 இலட்சம் 2026 மார்ச் சம்பளத்தோட, ரெண்டாவது 10 இலட்சம் ஏப்ரல் சம்பளத்தோட எண்டு கம்பனியே தீர்மானிச்சு கடிதத்தில போட வேணும். ரெண்டாவது பகுதியை அதுக்கு முதல் கேக்கிற உரிமை உங்களுக்கு இருக்கக் கூடாது. பழைய திகதி போட்டுக் கடிதம் அடிக்கிற வேலைக்கு ஒருக்காலும் போகாதேங்கோ.

சுன்னாகத்தான் | மதியம் 1.20

அப்ப காசு அவசரம் எண்டா, மார்ச்சில அந்த 10 இலட்சத்தைக் கம்பனியிட்டக் கடனா வாங்கி ஏப்ரல் போனஸில கழிக்கலாம்தானே? என்ர பழைய இடத்தில அப்பிடிச் செய்தவை.

கணக்கர் கொக்குவில் | மதியம் 1.45

செய்தவை எண்டதும் பிடிபடேல்லை எண்டதும் வேற வேற விஷயம். வட்டியும் தவணையும் இல்லாமல், போனஸில மட்டும் கழியிற கடன் எண்டா அது முற்பணம். முற்பணம் வந்த திகதியே வருமானத் திகதி. அப்பிடிச் செய்யிறதெண்டா பிரிக்கிறதில அர்த்தமே இல்லை.

அரியாலை அக்கா | பிற்பகல் 3.10

நான் ஒரு கம்பனியில சம்பளப் பட்டியல் செய்யிறனான், என்ர அனுபவத்தில ஒண்டு சொல்லுறன். கடிதம் சரியா இருந்தாலும், பட்டியல் செய்யிற ஆள் 20 இலட்சத்தையும் மார்ச்சில பதிஞ்சு, வரியையும் முழுத்தொகைக்கு வெட்டிப்போட்டு, பாதிக்காசை மட்டும் அனுப்பின சம்பவம் எனக்குத் தெரியும். போனஸ் மாதிரி மொத்தமா வாற காசுக்கு ஏபிஐடி, அதாவது சம்பளத்தில கம்பனி வெட்டுற வரியின்ர அட்டவணை வேற. வருஷச் சம்பளத்தோட போனஸைக் கூட்டிப் பாத்துத்தான் வரி வெட்டுறது. அதில எந்தத் தொகையைப் போட்டது எண்டதுதான் முக்கியம்.

மார்ச் சம்பளச் சீட்டு வந்த உடன பாருங்கோ. உங்கட கணக்குக்கு போனஸில வெட்டு 1,38,000 அளவில இருக்க வேணும். 4,20,000 வெட்டியிருந்தா அண்டைக்கே சொல்லுங்கோ. வெட்டின வரியைக் கம்பனி அடுத்த மாசம் 15ஆம் திகதிக்குள்ள கட்டிப்போடும், பிறகு திருத்திறது கரைச்சல். வருஷம் முடிய தாற டி10 சான்றிதழிலயும் 34 இலட்சம்தான் நிக்க வேணும், 44 இல்லை.

திருநெல்வேலிப் பெடியன் | இரவு 9.30

நன்றி அக்கா, அண்ணை. ஒரு விஷயம் சொல்ல மறந்திட்டன். இப்ப செய்யிற வேலையின்ர ரெண்டாம் கட்டம் முடிஞ்சா, வாற ஜனவரியிலயும் ஒரு 15 இலட்சம் வரலாம் எண்டு கதைக்கினம். அது இதைப் பாதிக்குமோ?

கணக்கர் கொக்குவில் | இரவு 9.55

பாதிக்கும், நல்லாவே பாதிக்கும். இதை முதல் பதிவிலயே போட்டிருக்க வேணும்.

பிரிக்காமல் விட்டா இந்த வருஷம் 4,56,000. அடுத்த வருஷம் 24உம் 15உம் சேர்ந்து 39 இலட்சம், வரி 3,00,000. ரெண்டும் 7,56,000. பிரிச்சா இந்த வருஷம் 1,74,000, ஆனா அடுத்த வருஷம் 49 இலட்சமாப் போகும், வரி 6,36,000. மொத்தம் 8,10,000. பிரிச்சதால 54,000 நட்டம்.

எங்க திரும்புது எண்டு பாருங்கோ. பிரச்சினை ரெண்டாவது 10 இலட்சத்தை எந்த வருஷத்துக்கு மேல ஏத்துறது எண்டதுதான். இந்த வருஷம் அது இல்லாமல் உங்களுக்கு 34 இலட்சம் இருக்கு. அடுத்த வருஷம் அது இல்லாமல் 34 இலட்சத்துக்குக் கீழ எண்டா அங்க தள்ளுங்கோ. மேல எண்டா இஞ்சயே எடுங்கோ. அதாவது சம்பள உயர்வும் புதுப் போனஸும் சேர்ந்து 10 இலட்சத்தைத் தாண்டுமோ எண்டதுதான் கேள்வி.

சுன்னாகத்தான் | இரவு 10.10

ஜனவரிக் காசையும் 2027 ஏப்ரலுக்குத் தள்ளச் சொல்லிக் கேக்கலாமே?

கணக்கர் கொக்குவில் | இரவு 10.25

கேக்கலாம், அதுவும் கடிதத்துக்கு முதல்தான். ஆனா வருஷா வருஷம் தள்ளிக்கொண்டு போனா கம்பனியில சிக்கின காசு கூடும். போனஸ் போடுற நாளில வேலையில இருக்கிறவைக்கு மட்டும்தான் எண்ட நிபந்தனை இருந்தா, இடையில விலகினா அந்தப் பாதி போகும். ஒன்றரை இலட்சம் மிச்சம் பிடிக்கப்போய்ப் 10 இலட்சத்தை விடவேண்டி வரக்கூடாது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் மானிப்பாய் | மார்ச் 12, காலை 7.05

சட்டம் அப்பிடி எண்டா சரி. ஆனா அது நியாயமோ எண்ட கேள்வி என்னோட இருக்கு.

திருநெல்வேலிப் பெடியன் | மார்ச் 13, மாலை 5.50

எச்.ஆர். அக்காவோட கதைச்சிட்டன். ஜனவரிக் காசு இன்னும் உறுதியில்லை எண்டதால பிரிக்கத்தான் கேட்டனான். ஓம் எண்டவா. கடிதம் திங்கக்கிழமை தாறாவாம், ரெண்டு திகதியும் போட்டு. எல்லாருக்கும் நன்றி.

கணக்கர் கொக்குவில் | இரவு 8.15

ஏப்ரல் பகுதிக்கு அந்த வேலையில இருக்க வேணும் எண்ட நிபந்தனையை என்ன செய்தனீங்கள்? கடிதத்தில அந்த வசனம் இருந்தா கையெழுத்துப் போடமுதல் இஞ்ச எழுதுங்கோ.

அரியாலை அக்கா | மார்ச் 17, காலை 9.40

தம்பி, கடிதம் வந்ததோ?