உதவி: அக்கவுண்ட்ஸ் சீனியர் பணிக்கு வேலை விவரம் எழுதுவதில் சிக்கல்

புதியவன்_22: அவசரம். நாளைக்குள் எச்.ஆருக்குக் கொடுக்க வேண்டும். சப்ளையர் பில் பதிவு, புது சப்ளையரைச் சேர்ப்பது, பேமென்ட் தயாரிப்பது, பேங்க் ரீகன்சிலியேஷன், மற்ற வேலைகள். ஃபைனான்ஸ் மேனேஜர், பிளான்ட் மேனேஜர் இருவருக்கும் ரிப்போர்ட். தகுதி: சி.ஏ., 10 வருட அனுபவம். இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். எது தப்பு?

பேரேடு: பிரிவில் எத்தனை பேர்? இவருக்குக் கீழே யாராவது உண்டா?

தணிக்கை_மூத்தவர்: ஆர்க் சார்ட் இல்லாமல் வேலை விவரம் எழுத உட்காருவது அடிப்படையே தெரியாததைக் காட்டுகிறது. பழைய இழைகளைப் படித்துவிட்டு வரவும்.

புதியவன்_22: 14 பேர். இவருக்குக் கீழே இரண்டு கிளார்க்.

நாள்வழி: எங்கள் ஆபீசில் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை சதவீத நேரம் என்று எழுதினோம். அதைப் போட்டால் எச்.ஆர் ஏற்றுக்கொள்ளும்.

பேரேடு: சதவீதம் நல்லதுதான், ஆனால் இங்கே கோளாறு வேறு. புது சப்ளையரைச் சேர்ப்பவரே பேமென்ட்டும் தயாரித்து, பேங்க் ரீகன்சிலியேஷனும் செய்தால், இல்லாத சப்ளையருக்குப் பணம் போனாலும் வெளியே தெரியாது. 14 பேர் இருக்கும்போது பிரிக்க முடியும். இவரிடம் பில் சரிபார்ப்பும் பேமென்ட் பட்டியலும் இருக்கட்டும். சப்ளையர் விவரத்தை வேறொருவர் ஏற்றட்டும், ரீகன்சிலியேஷனை பேமென்ட்டில் கைவைக்காத ஒருவர் பார்க்கட்டும்.

"பேமென்ட்" என்று மட்டும் விடாமல், "வாராந்திர பேமென்ட் பட்டியலைத் தயாரித்து, பில், பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வரவுச் சீட்டு மூன்றும் ஒத்துப்போகிறதா பார்த்து, ஒப்புதலுக்கு அனுப்புதல்" என்று எழுதுங்கள். ஒப்புதல் இவருடையது அல்ல என்பது அதிலேயே தெளிவாகிவிடும்.

மழைக்காலம்: எனக்கும் இரண்டு மேலதிகாரிகள். மாதக் கடைசி நாள் ஒருவர் கணக்கை முடி என்பார், இன்னொருவர் ஸ்டாக் எண்ண வா என்பார். லீவுக்குக்கூட இரண்டு கையெழுத்து. அந்த வேலையை விட்டே வந்துவிட்டேன்.

பேரேடு: அதேதான். லீவு, மதிப்பீடு, சம்பள உயர்வு யார் கையிலோ அவர் ஒருவருக்கே ரிப்போர்ட். பிளான்ட் மேனேஜரோடு "பில் சிக்கல்களுக்குத் தொடர்பு" என்று தனி வரி.

தணிக்கை_மூத்தவர்: சி.ஏ. இல்லாதவரை இந்தப் பொறுப்பில் வைப்பதே தவறு.

நாள்வழி: பில் சரிபார்க்க சி.ஏ. எதற்கு? வந்தாலும் ஆறு மாதத்தில் போய்விடுவார். காமர்ஸ் பட்டம், பேயபிள்ஸில் நான்கைந்து வருடம், இரண்டு பேரை நடத்திய அனுபவம். இவை கட்டாயம். சி.ஏ. இன்டர் விரும்பத்தக்கது.

தணிக்கை_மூத்தவர்: வரி விவகாரம் வந்தால் யார் பார்ப்பது?

நாள்வழி: அது ஃபைனான்ஸ் மேனேஜரின் வேலை விவரத்தில் இருக்க வேண்டியது.

தணிக்கை_மூத்தவர்: நான் ஒப்புக்கொள்ளவில்லை.

புதியவன்_22: ரீகன்சிலியேஷனை எடுத்துவிட்டேன். ரிப்போர்ட் ஃபைனான்ஸ் மேனேஜருக்கு மட்டும். பிளான்ட் மேனேஜர் இன்னும் சம்மதிக்கவில்லை. அனுப்பிவிட்டேன், நன்றி.

பேரேடு: சப்ளையர் சேர்ப்பதை எடுத்தீர்களா?